பணம் போன வழியும் எடுத்த கையும்: கையாடல் புலனாய்வில் ஏடுகளின் இடம்

1. கேள்வி

ஒரு கிராமத்துத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் சில லட்சம் ரூபாய் குறைகிறது என்று தணிக்கையில் தெரியவந்தால், அடுத்து நடப்பவை பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் நடக்கும். 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 81ஆம் பிரிவின்படி துணைப் பதிவாளர் ஒரு விசாரணை அலுவலரை நியமிப்பார். அவருடைய அறிக்கையை வைத்து, இழப்பை ஈடுகட்ட 87ஆம் பிரிவின்கீழ் தண்டத்தீர்வை நடவடிக்கை தொடங்கும். குற்றம் நடந்திருப்பதாகத் தெரிந்தால், காவல்துறையின் வணிகக் குற்றப் புலனாய்வுப் பிரிவுக்குப் புகார் போகும். செய்தித்தாளில் 'செயலாளர் கைது' என்று வரும். ஊரில் எல்லோரும் வழக்கு முடிந்துவிட்டதாகவே நினைத்துக்கொள்வார்கள்.

உண்மையில் அப்போதுதான் கடினமான வேலை தொடங்குகிறது. தணிக்கை சொல்வது குறையை. நீதிமன்றம் கேட்பது ஆளை. "இவ்வளவு பணம் இல்லை" என்ற வாக்கியத்துக்கும் "இந்தப் பணத்தை இவர்தான் எடுத்தார்" என்ற வாக்கியத்துக்கும் இடையே உள்ள தூரத்தை வங்கி அறிக்கையும் பேரேடும் கணினிப் பதிவுத் தடமும் எவ்வளவு தூரம் கடக்க உதவுகின்றன என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ஏடுகள் பொய் சொல்லாது என்ற பொதுவான நம்பிக்கையை நான் ஏற்கவில்லை. ஏடு எழுதுபவரின் வாக்குமூலம்தான். அதன் மதிப்பு அதில் எழுதியிருப்பதைவிட, அது யார் கையில் உருவாகி யார் கை வழியாக நம்மிடம் வந்தது என்பதைப் பொறுத்தது.

2. இரு குற்றங்கள், இரு தேடல்கள்

கையாடலும் ஏமாற்றுதலும் பேச்சு வழக்கில் ஒன்றாகவே 'மோசடி' எனப்படுகின்றன. சட்டம் இவற்றைப் பிரித்தே பார்க்கிறது. பணம் நேர்மையான முறையில் ஒருவர் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டு, பிறகு அவர் அதைத் தன் வசமாக்கிக்கொண்டால் அது நம்பிக்கை மோசடி. முதலிலேயே பொய் சொல்லி, அந்தப் பொய்யை நம்பவைத்துப் பணத்தைக் கொடுக்கச் செய்தால் அது ஏமாற்றுதல். பழைய தண்டனைச் சட்டத்தின் 405 முதல் 409 வரையிலான பிரிவுகளும் 420ஆம் பிரிவும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 316, 318ஆம் பிரிவுகளாகியுள்ளன. ஒரே செயல் ஒரே நேரத்தில் இரண்டாகவும் இருக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2024இல் டெல்லி ரேஸ் கிளப் வழக்கில் மீண்டும் அழுத்திச் சொன்னது. முதல் தகவல் அறிக்கையில் இரண்டு பிரிவுகளையும் வழக்கமாகச் சேர்த்து எழுதிவிடும் போக்கை அந்தத் தீர்ப்பு கண்டித்தது.

இந்த வேறுபாடு புலனாய்வாளர் எந்த ஏட்டை முதலில் திறக்க வேண்டும் என்பதையே தீர்மானிக்கிறது. கவரிங் நகையைத் தங்கம் என்று வைத்து நகைக் கடன் வாங்கிய வழக்கில் பொய் பணம் வெளியேறுவதற்கு முன்பே நடந்துவிட்டது. ஆகவே கடன் விண்ணப்பம், நகை மதிப்பீட்டாளரின் சான்று, கடன் தொகை வரவான சேமிப்புக் கணக்கு, அன்றே பணம் எடுத்த சீட்டில் உள்ள கையெழுத்து ஆகியவற்றைத் தேட வேண்டும். இதில் பேரேடு பெரும்பாலும் உதவாது. கடன் கொடுத்த பதிவும் நிலுவையும் வட்டியும் பைசா பிசகாமல் ஒத்துப்போகும். நகைப் பையைப் பிரித்து உரசிப் பார்க்கும் வரை கணக்கில் எந்தக் கறையும் தெரியாது. கடன் தவணையாக உறுப்பினர் கட்டிய பணத்தை ஊழியர் எடுத்துக்கொண்ட வழக்கில் நிலைமை நேர்மாறானது. அங்கே குற்றம் பணம் உள்ளே வந்த பிறகு நடக்கிறது. அதைக் காட்டக்கூடியவை ஏடுகள்தாம். இனிப் பார்க்கப்போவது இந்த இரண்டாவது வகையை.

3. தொகை பொருந்துகிறது, பணம் இல்லை

சங்கங்களில் மிகப் பரவலான கையாடல் முறை ஒருவரின் வரவால் இன்னொருவரின் வரவை மறைப்பது. இதை விளக்க ஒரு மாதிரிக் கணக்கை நானே அமைத்திருக்கிறேன். இது எந்தச் சங்கத்தின் கதையும் அல்ல, முறை மட்டுமே உண்மையானது.

ஜூன் 3ஆம் தேதி ஒரு விவசாயி 40,000 ரூபாயை ரொக்கமாகக் கட்டுகிறார். காசாளர் ரசீது கொடுக்கிறார், ஆனால் நாள் புத்தகத்தில் எழுதவில்லை. பணம் அவர் பைக்குள் போகிறது. ஜூன் 11ஆம் தேதி ஓர் ஆசிரியை தன் வங்கிக் கணக்கிலிருந்து, மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியில் உள்ள சங்கத்தின் கணக்குக்கு 40,000 ரூபாய் அனுப்புகிறார். அதே நாளில் ஒரு கடைக்காரர் 15,000 ரூபாய் ரொக்கம் கட்டுகிறார். அன்றைய நாள் புத்தகத்தில் காசாளர் எழுதுவது இரண்டே வரவுகள்: விவசாயி 40,000, கடைக்காரர் 15,000. மொத்தம் 55,000. வங்கி அறிக்கையிலும் அன்றைய வரவு 55,000தான். ஆசிரியையின் பெயர் மட்டும் சங்க ஏட்டில் எங்கும் இல்லை. அவருடைய வரவு ஜூன் 24ஆம் தேதி, ஒரு மகளிர் குழு கட்டிய பணத்தில் பதிவாகும். அந்தக் குழுவின் வரவுக்கு அடுத்தவர் வர வேண்டும்.

மாதக் கடைசியில் நாள் புத்தகத்தின் மொத்தத்தையும் வங்கி அறிக்கையின் மொத்தத்தையும் ஒப்பிடும் தணிக்கையாளர் இரண்டும் பொருந்துவதைக் கண்டு கையெழுத்திடுவார். தொகையை மட்டும் பார்த்தால் இந்தக் கையாடல் ஒருபோதும் அகப்படாது. அகப்படுவது வரவின் தன்மையில். நாள் புத்தகத்தின்படி ஜூன் 11 அன்று வந்தது 55,000 ரூபாய் ரொக்கம். வங்கியின்படி ரொக்கமாகச் செலுத்தப்பட்டது 15,000 மட்டுமே, மீதி 40,000 கணக்குப் பரிமாற்றம். ரொக்கமாக வந்ததாக ஏடு சொல்லும் 40,000 வங்கிக்குப் போகவே இல்லை. அனுபவமுள்ள விசாரணை அலுவலர் வங்கியிடம் அறிக்கையோடு ரொக்கம் செலுத்திய செலான்களின் நகலையும் கேட்பது இதற்காகத்தான். செலானில் எத்தனை ஐந்நூறு, எத்தனை நூறு என்ற விவரம்கூட இருக்கும்.

இதன் பிறகு செய்ய வேண்டியது பொறுமையான வேலை. ஒவ்வொரு ரசீதுக்கும் நான்கு தேதிகளை ஒரே வரிசையில் எழுத வேண்டும்: ரசீது அடிக்கட்டையில் உள்ள தேதி, நாள் புத்தகத் தேதி, உறுப்பினரின் தனிப்பேரேட்டுத் தேதி, வங்கியில் பணம் சேர்ந்த தேதி. நேர்மையான சங்கத்தில் இந்த நான்கும் ஓரிரு நாள்களுக்குள் அடங்கும். மேலே சொன்ன கணக்கில் விவசாயிக்கு எட்டு நாள், ஆசிரியைக்குப் பதின்மூன்று நாள். ஒரு தாமதம் மட்டும் இருந்தால் அது கவனக்குறைவாக இருக்கலாம். தாமதம் ஒருவர் கணக்கிலிருந்து அடுத்தவர் கணக்குக்குத் தாவிக்கொண்டே போய், ஒருநாளும் அடைபடாமல் இருந்தால் அதைக் கவனக்குறைவு என்று சொல்ல முடியாது. ஒரு குறிப்பிட்ட நாளில், ரசீது தரப்பட்டும் ஏட்டில் ஏறாத தொகைகளின் கூட்டுத்தான் அன்றைய கையாடல் தொகை. இந்த இடத்தில்தான் பல விசாரணை அறிக்கைகள் தவறு செய்கின்றன. தாமதமாகப் பதிவான எல்லாத் தொகைகளையும் கூட்டி, அதையே இழப்பு என்று எழுதிவிடுகின்றன. மாதிரிக் கணக்கில் அப்படிக் கூட்டினால் விவசாயி, ஆசிரியை இருவருக்கு மட்டுமே 80,000 வரும். மறைந்திருப்பது 40,000தான். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஒரு பிழையைப் பிடித்தே முழு அறிக்கையின் நம்பகத்தன்மையையும் உடைத்துவிடுவார்.

வட்டியும் ஒரு சாட்சி. ஆசிரியையின் கடனுக்கு 12 சதவீத வட்டி என்று கொள்வோம். பதின்மூன்று நாள் தாமதத்துக்கு அவர் கணக்கில் ஏறக்குறைய 171 ரூபாய் கூடுதல் வட்டி ஏறும். அவர் கேள்வி கேட்காமலிருக்க, காசாளர் அதைத் தானே கட்ட வேண்டும், அல்லது 'சரிக்கட்டுப் பதிவு' போட வேண்டும். சின்னச் சின்னத் தொகைகளில், காரணம் எழுதாமல், ஒரே கையெழுத்தில் அடிக்கடி வரும் சரிக்கட்டுப் பதிவுகள் பெரிய தொகைகளைவிட அதிகம் பேசும்.

ஆண்டு முடிவும் கவனிக்கத்தக்கது. மார்ச் 31ஆம் தேதி நிலுவைப் பட்டியல் தயாராகும்போது ஓட்டையை ஒரு நாளைக்காவது மூடியாக வேண்டும். எங்கிருந்தோ கைமாற்று வாங்கி மார்ச் இறுதியில் கட்டிவிட்டு, ஏப்ரல் முதல் வாரத்தில் மீண்டும் எடுப்பது வழக்கம். ஆண்டறிக்கைக் காலத்தோடு நின்றுவிடும் தணிக்கைக்கு இது தெரியாது. வங்கி அறிக்கையை ஏப்ரல் நடுப்பகுதி வரை வாங்கிப் பார்க்க வேண்டும்.

4. வங்கி அறிக்கை யார் கை வழியாக வந்தது?

மேலே சொன்ன முறை முழுவதும் ஓர் அனுமானத்தில் நிற்கிறது: வங்கி அறிக்கை குற்றம் சாட்டப்பட்டவர் எழுத முடியாத ஏடு. அந்த அனுமானம் உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவில் சத்யம் வழக்கைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

2009 ஜனவரி 7ஆம் தேதி சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய ரொக்கம், வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லாத பணம் என்று ஒப்புக்கொண்டார். பல ஆண்டுகளாகத் தணிக்கை நடந்த நிறுவனம் அது. தணிக்கையாளர்களிடம் வங்கி அறிக்கைகள் இருந்தன, நிரந்தர வைப்பு ரசீதுகளும் இருந்தன. அவை போலிகள். வங்கியிடமிருந்து இருப்பு உறுதிக் கடிதம் பெறுவது தணிக்கையின் அடிப்படை விதி. அந்தக் கடிதத்தைக் கேட்டு அனுப்புவதையும் பதிலைப் பெறுவதையும் தணிக்கையாளரே தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும். சத்யத்தில் அந்த வேலை நிறுவனத்தின் கையில் விடப்பட்டிருந்தது என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 2011 ஏப்ரலில் தன் நடவடிக்கையில் குறிப்பிட்டது. தணிக்கை நிறுவனத்தின் இந்தியக் கிளைகள் அந்த ஆணையத்துக்கு 60 லட்சம் டாலர் அபராதம் கட்டின.

சத்யத்தின் வருமானப் பக்கத்தில் 6,000க்கும் மேற்பட்ட போலிப் பட்டியல்கள் உருவாக்கப்பட்டிருந்தன. கணினியில் சிறப்பு நுழைவு அனுமதி உள்ளவர்கள் அவற்றை ஏற்றி, அந்தந்த வாடிக்கையாளரைக் கவனிக்கும் பிரிவினரின் கண்ணில் படாதபடி மறைத்துவைத்தார்கள். பொதுப் பேரேட்டில் மட்டும் அவை வருமானமாகச் சேர்ந்தன. இந்த மறைப்பே பின்னர் தடயமாயிற்று. உண்மையான பட்டியலை ஏன் யாரும் தன் சொந்த ஊழியரிடமிருந்து மறைக்க வேண்டும்? 2015 ஏப்ரல் 9ஆம் தேதி ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. ராஜுவுக்கு ஏழு ஆண்டுச் சிறை விதித்தது. பிறகு மேல்முறையீட்டில் அத்தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது.

பன்னாட்டு நிறுவனமும் கிராமச் சங்கமும் ஒன்றல்ல. ஆனால் செய்த தவறு ஒன்றே. சங்கச் செயலாளர் கொண்டுவந்து தரும் வங்கி அறிக்கையின் நகலை வைத்துத் தணிக்கை முடிக்கும் பழக்கம் இன்றும் இருக்கிறது. அப்படி வந்த அறிக்கை வங்கியின் ஏடு அல்ல, செயலாளரின் ஏடு. விசாரணை அலுவலர் வங்கிக் கிளையிடமிருந்து நேரடியாக, முத்திரையோடு பெற வேண்டும். உறுப்பினர்களிடம் நிலுவை உறுதி கேட்கும்போதும் இதே விதி பொருந்தும். ஒரே தேதிக்கான நிலுவையை எல்லோரிடமும் சங்க ஊழியர் மூலம் அல்லாமல் நேரில் கேட்க வேண்டும். உறுப்பினர் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் ரசீதும் பாஸ்புத்தகமும் காசாளரின் கை எட்டாத ஏடுகள்.

5. கணினித் தடம்: பெயர் யாருடையது?

கணினிமயமானதும் கையாடல் நின்றுவிடவில்லை. ஆனால் அது விட்டுச்செல்லும் தடம் மாறியது. நல்ல கணக்கு மென்பொருள் ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு தேதிகளை வைத்திருக்கும். ஒன்று பதிவு உண்மையில் ஏறிய நாளும் நேரமும். மற்றொன்று வட்டிக் கணக்குக்காக அந்தப் பதிவு செல்லுபடியாகும் தேதி. மாதிரிக் கணக்கின் காசாளர் ஆசிரியையின் 171 ரூபாய் வட்டிப் பிரச்சினையைத் தவிர்க்க, ஜூன் 24 அன்று ஏற்றும் வரவுக்கு ஜூன் 11ஐச் செல்லுபடித் தேதியாகக் கொடுப்பார். உறுப்பினருக்குக் கிடைக்கும் பிரதியில் 11ஆம் தேதி மட்டுமே தெரியும். உள்தடத்தில் 24ஆம் தேதியும், ஏற்றியவரின் பயனர் பெயரும், ஒப்புதல் தந்தவரின் பயனர் பெயரும் இருக்கும். பின்தேதியிட்ட பதிவுகளை மட்டும் தனியாக உருவினாலே ஆண்டுக்கணக்கான ஓட்டம் ஒரே பட்டியலில் தெரிந்துவிடும். இந்திய நிறுவனங்களுக்கு 2023 ஏப்ரல் 1 முதல், திருத்தங்களின் தடத்தைத் தானே பதிவுசெய்வதும் அணைத்துவைக்க முடியாததுமான மென்பொருள் கட்டாயமாக்கப்பட்டது. அந்த விதி கம்பெனிச் சட்டத்தின்கீழ் வருவது.

எனினும் தடம் காட்டுவது பயனர் பெயரை, மனிதரை அல்ல. நான்கைந்து பேர் வேலை செய்யும் அலுவலகத்தில் செயலாளரின் கடவுச்சொல் எல்லோருக்கும் தெரியும். ஏற்றுபவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் வேறொருவர் என்ற ஏற்பாடு காகிதத்தில் மட்டும் இருக்கும். ஆகவே பதிவு ஏறிய நேரத்தை வருகைப் பதிவேட்டோடும் விடுப்புப் பதிவேட்டோடும் கண்காணிப்புக் கேமராப் பதிவோடும் பொருத்த வேண்டும். விடுப்புப் பதிவேடு சிறியதுதான், ஆனால் வலுவானது. ஒரு வரவை அடுத்ததால் மறைத்துக்கொண்டிருப்பவரால் நாலு நாள் ஊருக்குப் போக முடியாது, போனால் ஓட்டை வெளியே தெரிந்துவிடும். ஒருவர் ஆண்டுக்கணக்கில் விடுப்பே எடுக்கவில்லை என்பதும், அவர் நோயில் படுத்த வாரத்தில் மட்டும் ரசீதுகள் உடனுக்குடன் பதிவாயின என்பதும் கையெழுத்து நிபுணரின் கருத்துக்கு இணையான சான்று. ரிசர்வ் வங்கி 2021இல், பொறுப்பான இடங்களில் உள்ள ஊழியர்களை ஆண்டுக்கு ஒருமுறை முன்னறிவிப்பின்றித் தொடர்ந்து பத்து வேலைநாளுக்குக் குறையாமல் விடுப்பில் அனுப்ப வேண்டும் என்று வங்கிகளுக்கு உத்தரவிட்டதன் காரணமும் இதுவே. தொடக்கச் சங்கங்கள் அந்த உத்தரவின் வரம்புக்குள் வருவதில்லை.

6. நீதிமன்றத்தில் ஏடு

பேரேட்டில் இருப்பதே போதும் என்று நினைக்கும் விசாரணை நீதிமன்றத்தில் தோற்கும். கணக்கேட்டில் உள்ள பதிவு ஏற்கத்தக்கது, ஆனால் அது மட்டுமே ஒருவர்மீது பொறுப்பைச் சுமத்தப் போதாது என்று பழைய சாட்சியச் சட்டத்தின் 34ஆம் பிரிவு சொன்னது. இன்றைய பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 28ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. ஜெயின் ஹவாலா குறிப்பேடுகள் பற்றிய வி.சி. சுக்லா வழக்கில் 1998இல் உச்ச நீதிமன்றம் உதிரித் தாள்கள் கணக்கேடு ஆகா என்றும், முறையான ஏடாக இருந்தாலும் தனியான வேறு சான்று வேண்டும் என்றும் கூறியது. வங்கி ஏடுகளுக்கு 1891ஆம் ஆண்டின் வங்கியாளர் ஏடுகள் சான்றுச் சட்டம் ஒரு சலுகை தருகிறது. மூல ஏட்டைத் தூக்கிவர வேண்டாம், உரிய சான்றுரையோடு கூடிய நகல் போதும். கணினி அச்சுக்குத் தனிச் சான்றிதழ் தேவை. இந்தச் சான்றிதழைப் பெறாமலேயே பக்கம் பக்கமாக அச்செடுத்து இணைப்பது இன்னும் நடக்கிறது.

அதைவிட அடிப்படையானது ஒப்படைப்பு. 1960இல் ஜெய்கிருஷ்ணதாஸ் மனோகர்தாஸ் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம், பணத்தை எப்படிச் செலவிட்டார் என்று நேரடியாக நிரூபிப்பது பல நேரம் இயலாது என்பதை ஏற்றுக்கொண்டது. பொருள் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது உறுதியாகி, அவர் கணக்குக் காட்டத் தவறினால், அல்லது பொய்யான விளக்கம் தந்தால், நேர்மையற்ற எண்ணத்தை ஊகிக்கலாம் என்றது. அரசுத் தரப்புக்கு இது பெரிய வசதி. ஆனால் அதன் முதல் பாதி கவனிக்கப்படுவதில்லை. அன்று ரொக்கப் பொறுப்பில் இருந்தவர் யார், பெட்டகச் சாவி யாரிடம், மாலையில் இருப்பை எண்ணிக் கையெழுத்திட்டவர் யார் என்பதை நாள்வாரியாகக் காட்டும் பதிவேடு இல்லையென்றால் ஊகத்துக்கு ஊன்றுகோல் இல்லை. காசாளர் செயலாளரைக் காட்டுவார், செயலாளர் காசாளரைக் காட்டுவார். 81ஆம் பிரிவு அறிக்கையில் குறையின் தொகை பைசா வரை இருக்கும், பொறுப்பாளர் யார் என்ற இடத்தில் 'நிர்வாகத்தினர்' என்று இருக்கும். தண்டத்தீர்வைக்கு அது ஓரளவு உதவலாம், ஏனெனில் வேண்டுமென்றே காட்டிய அலட்சியத்துக்கும் அங்கே பொறுப்பு உண்டு. குற்ற வழக்குக்கு அது உதவாது.

காலமும் ஒரு தடை. பணத்தைத் துண்டு துண்டாக எடுத்திருந்தால், ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் குற்றச்சாட்டு வரைய வேண்டியதில்லை, மொத்தத் தொகையைச் சொன்னால் போதும் என்று நடைமுறைச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் முதல் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையே ஓராண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. ஐந்தாண்டு ஓடிய கையாடலை ஆண்டுவாரியாகப் பிரிக்க வேண்டும். ஒரு வரவால் மற்றொன்றை மறைக்கும் முறையில், முதலாம் ஆண்டில் எடுத்த அதே 40,000 மூன்றாம் ஆண்டிலும் குறையாகத் தெரியும். எந்த ஆண்டில் எவ்வளவு புதிதாக எடுக்கப்பட்டது என்று பிரித்துக் காட்டும் நான்கு தேதி அட்டவணை இல்லாமல் குற்றச்சாட்டை ஒழுங்காக வரையவே முடியாது.

7. ஏடு நிற்கும் இடம்

பணம் காசாளரின் கைக்குப் போன பிறகு எங்கே போனது என்பதை ஏடுகள் அரிதாகவே சொல்கின்றன. அவருடைய வங்கிக் கணக்கில் அதே வாரத்தில் ரொக்க வரவு, மனைவி பெயரில் நகைக் கடன் மீட்பு, சம்பளத்துக்கு மீறிய தவணை என்று சில இணைப்புகள் கிடைக்கலாம். கிடைக்காமலும் போகலாம். கிடைக்காவிட்டால் வழக்கு விழும் என்பதில்லை, ஒப்படைப்பும் கணக்குக் காட்டாமையும் நிற்கும்வரை அது நிற்கும். கிடைத்தால் முடக்கத்துக்கும் மீட்புக்கும் வழி பிறக்கும், உறுப்பினர்களுக்கு அதுதான் முக்கியம்.

இப்போது ஓர் ஆபத்து கண்முன் இருக்கிறது. தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அரசு 2022 ஜூனில் ஒப்புதல் தந்தது. திட்டம் தேவையானது. ஆனால் பழைய கையெழுத்து ஏட்டிலிருந்தோ பழைய மென்பொருளிலிருந்தோ புதியதுக்கு மாறும் நாளில், ஒவ்வொரு உறுப்பினரின் நிலுவையும் 'ஆரம்ப இருப்பு' என்ற ஒற்றை எண்ணாக ஏறுகிறது. அந்த எண்ணுக்குப் பின்னால் வரலாறு இல்லை, பின்தேதி இல்லை, ஏற்றியவர் பெயராக இடமாற்றம் செய்த ஊழியரின் பெயர்தான் இருக்கும். பழைய ஓட்டை புதிய கணக்கின் சுத்தமான முதல் வரியாகிவிடும். மாற்றத்துக்கு முந்தைய தேதியில் எல்லா உறுப்பினர்களிடமும் நேரடியாக நிலுவை உறுதி பெற்று, ரசீது அடிக்கட்டைகளையும் பழைய நாள் புத்தகங்களையும் தணிக்கை முடியும்வரை சங்கத்துக்கு வெளியே பாதுகாக்காத இடங்களில், பின்னாளில் வரும் விசாரணை அலுவலர் நான்கு தேதிகளில் ஒன்றையாவது எங்கிருந்து எடுப்பார்?